காதை இழுக்கும் குழந்தை: ஒரு தாயின் கடிதத்தை மருத்துவர் எப்படிப் படிக்கிறார்?

குழந்தை மருத்துவர்களிடம் தாய்மார்கள் அடிக்கடி சொல்லும் விவரங்களைச் சேர்த்து, ஒரே தாய் எழுதியதுபோல் அமைத்த கடிதம் இது. இதில் வரும் ஒவ்வொரு வரிக்கும் மருத்துவத்தில் ஒரு பொருள் உண்டு.

“மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு, வணக்கம். என் மகளுக்கு ஒரு வயது நான்கு மாதம். எடை பத்து கிலோ. நான் மறுபடி வேலைக்குப் போக வேண்டியிருந்ததால் ஜூன் தொடக்கத்தில் அவளைக் காப்பகத்தில் சேர்த்தோம். 7ஆம் தேதி மூக்கு ஒழுக ஆரம்பித்தது. 10ஆம் தேதி இரவு உடம்பு கொதித்தது, 101 இருந்தது. மூன்று இரவு அப்படி இருந்து தானாக விட்டது. அப்புறம் நன்றாகத்தான் இருந்தாள்.

ஜூன் 25 இரவு மறுபடியும் சளி, காய்ச்சல். மறுநாள் ஒரு கிளினிக்கில் காட்டினோம். காதைப் பார்க்கவில்லை. ஆன்டிபயாடிக் சிரப் ஐந்து நாளைக்கு எழுதித் தந்தார்கள். காய்ச்சல் விட்டதும் மூன்று நாளோடு நிறுத்திவிட்டேன். இப்போது ஜூலை 8 முதல் சளி. 11, 12 இரண்டு இரவும் காய்ச்சல். நேற்று இரவு அக்குளில் வைத்துப் பார்த்தபோது 102.6. பகலில் 99, 100தான் இருக்கிறது.

இரவு ஒரு மணிக்கு மேல் வீரிட்டு அழுகிறாள். படுக்கப் போட்டால் அழுகை, தோளில் போட்டால் கொஞ்சம் அடங்குகிறாள். பால் குடிக்க வாய் வைத்தால் இரண்டு தடவை உறிஞ்சிவிட்டு அழுதுகொண்டே விட்டுவிடுகிறாள். வலது காதைப் பிடித்து இழுக்கிறாள். தூக்கம் வந்தால் இரண்டு காதையும் இழுப்பது முன்பே உள்ள பழக்கம்தான். பல் முளைக்கிற காய்ச்சல் என்கிறார் அத்தை. எண்ணெய் காய்ச்சி விடச் சொல்கிறார் பக்கத்து வீட்டு அக்கா. பாராசிட்டமால் 2.5 மில்லி கொடுக்கிறேன், காய்ச்சல் சரியாக இறங்குவதில்லை. ஆஸ்பத்திரிக்கு வந்தால் உங்கள் முன்னால் சிரித்து விளையாடுகிறாள். நான் சொல்வதை யாரும் நம்புவதில்லை.”

கடைசி வரியிலிருந்து தொடங்கலாம். மருத்துவர் இந்தக் குழந்தையைப் பார்ப்பது காலை பதினொரு மணிக்கு. நோய் தன்னைக் காட்டுவது இரவு ஒரு மணிக்கு. அந்த நேரத்தில் விழித்திருந்து பார்த்தவர் தாய் மட்டுமே. ஆகவே அவர் எழுதியிருப்பது புலம்பல் அல்ல, மருத்துவருக்கு வேறு எந்த வழியிலும் கிடைக்காத தகவல்.

தேதிகள் சொல்வது

மருத்துவரின் கண் முதலில் காதுக்குப் போவதில்லை, தேதிகளுக்குப் போகிறது. இது ஐந்து வாரமாக விடாமல் அடிக்கும் ஒரே காய்ச்சலா, அல்லது இடைவெளி விட்டு வந்த மூன்று காய்ச்சல்களா? இரண்டுக்கும் செல்ல வேண்டிய வழி வேறு.

இந்தக் கடிதத்தில் முதல் காய்ச்சலுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே ஏறக்குறைய இரண்டு வாரம் குழந்தை முழு நலத்தோடு இருந்திருக்கிறது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவிலும் அப்படியே. ஒவ்வொரு காய்ச்சலும் சளியோடு வந்திருக்கிறது. எல்லாமே காப்பகத்தில் சேர்ந்த பிறகு நடந்தவை. அப்படியானால் இவை பெரும்பாலும் மூன்று தனித்தனித் தொற்றுகள். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த குழந்தை முதன்முதலாகப் பத்துக் குழந்தைகளோடு சேரும்போது, அதுவரை சந்திக்காத வைரஸ்களை வரிசையாகச் சந்திக்கிறது. இந்த வயதில் வருடத்துக்கு ஆறு முதல் எட்டுத் தடவை சளி பிடிப்பது இயல்புக்குள் அடங்கும். காப்பகம் போகும் குழந்தைகளுக்கு இன்னும் சற்று அதிகம்.

இடைவெளியே இல்லாமல் தினமும் மாலையில் காய்ச்சல் ஏறி, அது இரண்டு வாரத்தைத் தாண்டியிருந்தால் கதை வேறு. எடை ஏறாமலோ குறைந்தோ போயிருந்தால், வீட்டில் யாருக்காவது நீண்ட நாள் இருமல் இருந்தால், நம் நாட்டில் காசநோயை நினைக்காமல் இருக்க முடியாது. அதனால்தான் காய்ச்சல் வந்த நாட்களைப் போலவே வராத நாட்களும் மருத்துவருக்கு முக்கியம்.

ஏன் இரவில் மட்டும்?

உடம்பின் வெப்பம் நாள் முழுதும் ஒரே அளவில் இருப்பதில்லை. நலமாக இருக்கும்போதும் அதிகாலையில் குறைந்து, பிற்பகலிலும் மாலையிலும் ஏறும். காய்ச்சலும் இந்த ஏற்ற இறக்கத்தின் மேலேயே உட்காருகிறது. பகலில் 100 என்று அடங்கியிருப்பது இரவில் 102 ஆக இதுவே ஒரு காரணம். இரவுக் காய்ச்சல் என்பது தனி நோய் அல்ல.

காதில் நோவு இருந்தால் இன்னொரு காரணம் சேர்கிறது. செவிப்பறைக்குப் பின்னால் நடுச்செவி என்னும் சிறிய அறை இருக்கிறது. அங்கே சீழ் தேங்கியிருக்கும்போது படுத்தால் அழுத்தம் கூடி வலி அதிகமாகிறது. தோளில் நிமிர்த்திப் போட்டதும் குழந்தை கொஞ்சம் அடங்குவது இதனால்தான். பாலை உறிஞ்சி விழுங்கும்போதும் நடுச்செவியின் அழுத்தம் மாறும், வலி சுரீரென்று தாக்கும். பசியோடு வாய் வைத்து, இரண்டு தடவை உறிஞ்சியதும் அழுதுகொண்டே விட்டுவிடும் குழந்தைக்குத் தொண்டையிலோ வாயிலோ புண் இருக்கலாம், காதில் வலி இருக்கலாம். கடிதத்தில் இருப்பவற்றில் காதை நோக்கி வலுவாகக் கைகாட்டுவது இந்த இரண்டு வரிகள்தான்.

காதை இழுப்பது மட்டும் போதாது

பெற்றோர் அதிகம் நம்பும் அடையாளம் காதை இழுப்பது. தனியாக எடுத்துக்கொண்டால் மருத்துவர்கள் குறைவாக நம்புவதும் அதைத்தான். ஒரு வயதுக் குழந்தை தூக்கம் வந்தால் காதை இழுக்கும், பல் முளைக்கும்போது தாடையின் உறுத்தலால் இழுக்கும், காதில் அழுக்கு இருந்தாலும் இழுக்கும், காது என்று ஒன்று கைக்கு அகப்படுகிறது என்பதற்காகவும் இழுக்கும். காய்ச்சலோ வலியின் வேறு அறிகுறியோ இல்லாமல், விளையாட்டோடு காதை மட்டும் இழுக்கும் குழந்தைக்குக் காதில் தொற்று இருப்பது அரிது.

இந்தத் தாய் அதையும் கவனித்திருக்கிறார். தூக்கம் வந்தால் இரண்டு காதையும் இழுப்பது பழைய பழக்கம், வலது காதை மட்டும் இழுத்து அழுவது புதியது. சளி தொடங்கி மூன்றாம் நாள் அந்த மாற்றம் வந்திருக்கிறது. நடுச்செவித் தொற்று பெரும்பாலும் சளி பிடித்த சில நாட்களில்தான் வரும்.

காரணம் காதின் அமைப்பில் இருக்கிறது. நடுச்செவியையும் மூக்கின் பின்பகுதியையும் இணைப்பது யூஸ்டேக்கியன் குழாய். வளர்ந்தவர்களுக்கு இது நீளமாகவும் சரிவாகவும் இருப்பதால் நடுச்செவியில் ஊறும் நீர் கீழே வடிந்துவிடும். சின்னக் குழந்தைக்கு அந்தக் குழாய் அதில் பாதி நீளம்தான். கிட்டத்தட்டப் படுக்கையாகவும் இருக்கிறது, அதன் சுவரும் தளர்வானது. சளியில் மூக்கின் உட்பகுதி வீங்கியதும் குழாய் அடைபடுகிறது, நடுச்செவியில் நீர் தேங்குகிறது, மூக்கிலுள்ள கிருமிகள் அங்கே ஏறிப் பெருகுகின்றன. ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரை இந்தத் தொற்று மிக அதிகமாக வருவதும், வளர வளரக் குறைவதும் இதனால்தான். படுக்க வைத்துப் பாட்டிலில் பால் கொடுப்பது, வீட்டில் புகைபிடிப்பது இரண்டும் இந்த வாய்ப்பைக் கூட்டுகின்றன.

அத்தை சொன்ன பல் விஷயத்துக்கும் பதில் உண்டு. பல் முளைக்கும்போது உடம்பு இலேசாகச் சூடாகலாம், எச்சில் வழியும், ஈறு உறுத்தும். ஆனால் 102.6 வரை காய்ச்சல் ஏறாது. ஆறு மாதத்துக்கும் இரண்டரை வயதுக்கும் நடுவே ஏதாவது ஒரு பல் எப்போதும் முளைத்துக்கொண்டே இருப்பதால், அந்த வயதில் வரும் எந்தக் காய்ச்சலுக்கும் பல்லின் மேல் பழிபோட முடிகிறது. அப்படிப் பழிபோடுவதில் உண்மையான காரணம் தவறிப்போகும்.

செவிப்பறையைப் பார்த்தாக வேண்டும்

இத்தனை அறிகுறிகளும் சேர்ந்து சொல்வது ஒன்றுதான்: காதுக்குள் பார்க்க வேண்டும். தாய் குழந்தையை மடியில் உட்கார வைத்து, ஒரு கையால் தலையைத் தன் மார்போடு அணைத்து, மறு கையால் குழந்தையின் கைகளைப் பிடித்துக்கொள்வார். மருத்துவர் காது மடலை மெல்ல இழுத்து ஆட்டோஸ்கோப் என்னும் விளக்குக் கருவியின் முனையை வைப்பார். அழுக்கு மறைத்தால் அதை எடுத்துவிட்டுத்தான் பார்க்க முடியும். அந்த ஓரிரு நிமிடம் குழந்தை அழும், அதற்காகப் பார்க்காமல் விடக் கூடாது.

ஆரோக்கியமான செவிப்பறை முத்துச் சாம்பல் நிறத்தில், மெல்லியதாக, உள்நோக்கிச் சற்றுக் குழிந்து இருக்கும். சிவந்திருக்கிறது என்பதை மட்டும் வைத்துத் தொற்று என்று முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் காய்ச்சலிலும் அழுகையிலும் கூட அது சிவக்கும். தேட வேண்டியது புடைப்பு. பின்னால் சீழ் சேரும்போது செவிப்பறை வெளியே தள்ளிக்கொண்டு வரும், நடுவில் சிற்றெலும்பு ஒட்டியிருக்கும் இடம் மட்டும் உள்ளே இழுபட்டிருக்கும். பார்ப்பதற்கு மெதுவடையைப் போல. அந்தப் புடைப்பு தெரிந்தால் நடுச்செவித் தொற்று உறுதி.

நம் கடிதத்துக் குழந்தையின் வலது செவிப்பறை அப்படிப் புடைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். அடுத்த கேள்வி, ஆன்டிபயாடிக் உடனே தேவையா? பல குழந்தைகளுக்கு இந்தத் தொற்று தானாகவே ஆறிவிடும் என்பதால் கேள்வி நியாயமானது. அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதெமி 2013இல் வெளியிட்ட வழிகாட்டியின்படி, ஆறு மாதம் முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைக்கு ஒரு காதில் மட்டும் தொற்று இருந்து, வலி இலேசாகவும் காய்ச்சல் 102.2க்குக் கீழேயும் இருந்தால், பெற்றோரோடு பேசி, வலி மருந்து மட்டும் கொடுத்து இரண்டு மூன்று நாள் கவனித்துப் பார்க்கலாம். இரண்டு காதிலும் இருந்தாலோ, வலி கடுமையாக இருந்தாலோ, காய்ச்சல் 102.2ஐத் தொட்டாலோ உடனே மருந்து தொடங்க வேண்டும். இந்தக் குழந்தைக்கு 102.6, இரவெல்லாம் அலறல். ஆகவே காத்திருக்க இடமில்லை.

வழக்கமான முதல் மருந்து அமாக்ஸிசிலின். ஆனால் கடந்த ஒரு மாதத்துக்குள் அதே மருந்து கொடுத்திருந்தால் அதற்கு அடங்காத கிருமிகள் மிஞ்சியிருக்க வாய்ப்புண்டு, அப்போது கிளாவுலனிக் அமிலம் சேர்ந்ததைத் தேர்வு செய்வார்கள். ஆகவே ஜூன் 26இல் தொடங்கிய சிரப்பின் பெயர் என்ன என்பது மருத்துவருக்குத் தெரிய வேண்டும், காலிப் புட்டியைக் கொண்டு போனாலே போதும். இரண்டு வயதுக்குக் கீழே இந்தத் தொற்றுக்கு மருந்து பத்து நாள் வரை தேவைப்படும். மூன்றாம் நாளில் காய்ச்சல் விடுவது மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம், நிறுத்தலாம் என்பதற்கு அல்ல. இரண்டு மூன்று நாளில் காய்ச்சலும் வலியும் குறையவே இல்லை என்றால் மறுபடி காட்டி மருந்தை மாற்ற வேண்டியிருக்கும்.

2.5 மில்லி என்றால் எவ்வளவு?

கடிதத்தில் ஒரு வரியை மருத்துவர் அடிக்கோடிடுவார்: “பாராசிட்டமால் 2.5 மில்லி.” இந்த மருந்து ஒரு கிலோ எடைக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்ற கணக்கில் கொடுக்கப்படுகிறது. பத்து கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம். ஆனால் கடையில் கிடைக்கும் புட்டிகள் ஒரே அடர்த்தியில் இல்லை.

5 மில்லியில் 120 மில்லிகிராம் உள்ள சிரப்பில் 2.5 மில்லி கொடுத்தால் குழந்தைக்குக் கிடைப்பது 60 மில்லிகிராம்தான். தேவையில் பாதி, காய்ச்சல் சரியாக இறங்காது. 5 மில்லியில் 250 உள்ள சிரப் என்றால் 125 கிடைக்கும், அது சரியான அளவு. சொட்டு மருந்தாக வருவதில் பெரும்பாலும் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும். அதில் 2.5 மில்லி என்றால் 250, ஒரு வேளைக்கான உச்ச அளவையும் வெகுவாகத் தாண்டிவிடும். அதைத் திரும்பத் திரும்பக் கொடுத்தால் ஈரலுக்கு ஆபத்து. ஆகவே எத்தனை மில்லி என்பதோடு புட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் அடர்த்தியையும் சொல்ல வேண்டும். இரண்டு வேளைக்கு நடுவே குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும், ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மேல் வேண்டாம்.

எண்ணெய் விடாமல் இருந்தது நல்லது. செவிப்பறைக்கு வெளியே விடும் எண்ணெயும் தாய்ப்பாலும் பின்னால் இருக்கும் சீழைத் தொடுவதே இல்லை. செவிப்பறையில் ஓட்டை விழுந்திருந்தால் உள்ளே போய்ப் புதிய தொற்றுக்கு வழிவிடும். குளிப்பாட்டியதும் காதிலும் மூக்கிலும் ஊதும் வழக்கமும் வேண்டாம், ஊதுபவரின் வாய்க் கிருமிகளே குழந்தைக்குப் போகின்றன. சளிக்கென்று விற்கும் கூட்டு மருந்துகளிலும் எச்சரிக்கை வேண்டும். குளோர்பெனிரமைனும் பினைல்எப்ரினும் சேர்ந்தவற்றை நான்கு வயதுக்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று புட்டியில் அச்சிடும்படி இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023இல் உத்தரவிட்டது.

காது நன்றாக இருந்தால்?

செவிப்பறை இரண்டும் சாம்பல் நிறத்தில் குழிந்தே இருக்கின்றன என்றால் காதை விட்டுவிட்டுத் தேட வேண்டும். காதை இழுப்பதில் எல்லோருடைய கவனமும் போனதால் தவறிப்போகும் நோய்களில் முதன்மையானது சிறுநீர்த் தொற்று, அதுவும் பெண் குழந்தைகளுக்கு. இந்த வயதில் எரிகிறது என்று சொல்லத் தெரியாது, காய்ச்சல் ஒன்றுதான் அடையாளமாக இருக்கும். அது திரும்பத் திரும்ப வந்தால் சிறுநீரகத்தில் தழும்பு விழக்கூடும். எனவே காரணம் தெரியாத காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் சிறுநீரை எடுத்துவிட வேண்டும். தொடங்கிய பிறகு எடுத்தால் கிருமி வளராமல் போய், தொற்று இருந்ததா என்றே தெரியாமல் போகும். தோலில் ஒட்டும் பையில் பிடித்த சிறுநீரில் வெளிக் கிருமிகள் கலந்துவிடும் என்பதால், கிருமி வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அதை நம்ப முடியாது. கழுவிச் சுத்தம் செய்து, குழந்தை போகும்போதே கிருமி நீக்கிய புட்டியில் பிடிக்க வேண்டும், அல்லது மருத்துவமனையில் மெல்லிய குழாய் வைத்து எடுப்பார்கள். மழைக்காலமென்றால் டெங்குவும் கணக்கில் வரும். அந்தச் சந்தேகம் இருக்கும்வரை இபுபுரூஃபனைத் தவிர்த்துப் பாராசிட்டமாலோடு நிற்க வேண்டும்.

சில அறிகுறிகள் இருந்தால் காலைவரை காத்திருக்கவே கூடாது. காதின் பின்னால் வீங்கிச் சிவந்து காது மடல் முன்னே தள்ளப்பட்டிருப்பது, முகம் ஒரு பக்கம் கோணுவது, எழுப்பினாலும் எழாத மயக்கம், கழுத்தை மடக்க முடியாமை, வலிப்பு, மூச்சு வாங்குவது, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாமை ஆகியவை அவை. காதிலிருந்து சீழ் வடிந்து வலி சட்டென்று குறைவது, செவிப்பறையில் சிறு ஓட்டை விழுந்ததன் அடையாளம். பெரும்பாலும் சில வாரத்தில் அது தானாக மூடிக்கொள்ளும், ஆனால் ஓரிரு நாளுக்குள் காட்ட வேண்டும், காதுக்குள் தண்ணீர் போகக் கூடாது.

அடுத்த மூன்று மாதம்

காய்ச்சல் விட்டதோடு எல்லாம் முடிவதில்லை. தொற்று ஆறிய பிறகும் நடுச்செவியில் நீர் மிஞ்சியிருக்கும். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பத்தில் நான்கு குழந்தைகளுக்கு அது இருக்கும், மூன்று மாதத்தில் பெரும்பாலோருக்கு வற்றிவிடும். அதற்கு மறுபடி ஆன்டிபயாடிக் தேவையில்லை. ஆனால் மூன்று மாதம் கடந்தும் நீர் நின்றால் கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும். புதுச் சொற்களைப் பிடிக்கும் வயதில் காது மந்தமானால் பேச்சு பின்தங்கும். கூப்பிட்டால் திரும்புகிறாளா, புதிய சொல் ஏதாவது சேர்கிறதா என்று வீட்டில்தான் கவனிக்க முடியும்.

உறுதி செய்யப்பட்ட நடுச்செவித் தொற்று ஆறு மாதத்தில் மூன்று முறையோ ஒரு வருடத்தில் நான்கு முறையோ வந்தால், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அனுப்பி, செவிப்பறையில் குரோமெட் என்னும் சிறு குழாய் வைப்பதைப் பற்றிப் பேசுவார்கள். இந்தக் குழந்தைக்கு இதுவரை எத்தனை? மூன்று காய்ச்சல் வந்திருக்கிறது, ஆனால் ஜூன் மாதத்து இரண்டிலும் யாரும் காதைப் பார்க்கவில்லை. ஆகவே கணக்கில் வருவது ஒன்றுதான். அறுவை சிகிச்சை வரை போகக்கூடிய முடிவு இந்த எண்ணிக்கையில் நிற்பதால், ஒவ்வொரு முறையும் “காதைப் பார்த்தீர்களா, எந்தக் காது, புடைப்பு இருந்ததா?” என்று கேட்டு, அதைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்வது பெற்றோரின் உரிமை.

தாயின் கடிதம் முக்கால் பங்கு சரியாக இருந்தது. காய்ச்சல் வந்த தேதி, இல்லாத நாட்கள், எந்த நேரம், எத்தனை டிகிரி, எங்கே வைத்துப் பார்த்தது, படுத்தால் என்ன, பால் குடித்தால் என்ன, எந்தக் காது என்று எல்லாம் எழுதியிருந்தார். சேர்க்க வேண்டியவை மருந்தின் பெயரும் அடர்த்தியும், சிறுநீர் எத்தனை முறை போனது, உடம்பில் தடிப்பு ஏதும் உண்டா, எந்தத் தடுப்பூசிகள் போட்டாயிற்று என்பவை. நியூமோகாக்கல் தடுப்பூசி 2021 முதல் நாடு முழுவதும் அரசு மருத்துவமனைகளில் ஆறு வாரம், பதினான்கு வாரம், ஒன்பது மாதம் என்று மூன்று தவணையாக இலவசமாகப் போடப்படுகிறது. காதுத் தொற்றை அது முழுவதும் தடுக்காது, ஆனால் முக்கியமான ஒரு கிருமியின் பங்கைக் குறைக்கும். தடுப்பூசி அட்டையின் பின்பக்கத்திலேயே இந்தக் குறிப்புகளையும் எழுதி வைத்தால், அடுத்த முறை வேறு மருத்துவரிடம் போக நேர்ந்தாலும் அந்த இரவுகளின் விவரம் குழந்தையோடு கூடவே போகும்.